கட்டங்களைப் பட்டியலாக்குவது எப்படி?

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்த 592 மாணவர்களின் முடி நிறத்தையும் கண் நிறத்தையும் காட்டும் அட்டவணை ஒன்றைப் புள்ளியியலாளர் ஸ்னீ 1974-இல் வெளியிட்டார். இடப்பக்கம் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, பொன்னிறம் என நான்கு முடி நிறங்கள். மேலே பழுப்பு, நீலம், இளம்பழுப்பு, பச்சை என நான்கு கண் நிறங்கள். இரண்டும் சந்திக்கும் 16 கட்டங்களில் ஆட்களின் எண்ணிக்கை.

கண்ணால் படிக்க இந்த அமைப்பு வசதியானது. ஆனால் எந்தச் சேர்க்கை அதிகம் என்று கணினியில் வரிசைப்படுத்த முடியாது. கண் நிறம் என்ற ஒரே விவரம் நான்கு நெடுவரிசைகளில் பிரிந்து கிடப்பதே காரணம். அதை ஒரே நெடுவரிசைக்குள் கொண்டுவந்தால், ஒவ்வொரு கட்டமும் தனி வரியாகிவிடும்:

| முடி | கண் | எண்ணிக்கை |
|---|---|---|
| பழுப்பு | பழுப்பு | 119 |
| பொன்னிறம் | நீலம் | 94 |
| பழுப்பு | நீலம் | 84 |

எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கிய பட்டியலின் முதல் மூன்று வரிகள் இவை. மொத்தம் 16 வரிகள் வரும்.

எக்செலில் இதைக் கையால் நகலெடுக்க வேண்டியதில்லை. அட்டவணையைத் தேர்ந்தெடுத்து Data பகுதியில் From Table/Range-ஐ அழுத்தினால் பவர் குவெரி திறக்கும். முடி நிற நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக் செய்து Unpivot Other Columns-ஐத் தேர்ந்தெடுங்கள். கண் நிறங்கள் Attribute என்ற நெடுவரிசையிலும் எண்கள் Value-விலும் போய்ச் சேரும். பெயர்களை மாற்றிக்கொண்டு Close & Load கொடுத்தால் வேலை முடிந்தது.

பெரும்பாலும் தவறு நேர்வது 'மொத்தம்' என்ற வரிசையாலும் நெடுவரிசையாலும்தான். அவற்றை முதலிலேயே நீக்காவிட்டால், 'மொத்தம்' என்பதும் ஒரு நிறமாகப் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். ஆகவே மாற்றி முடித்ததும் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். 592 வந்தால் சரி. 1184 வந்தால் ஒரு பக்கத்து மொத்தம் கலந்திருக்கிறது. 2368 வந்தால் இரு பக்கத்து மொத்தங்களும் கலந்திருக்கின்றன.

இந்தக் கூட்டல் பிடிக்காத பிழை ஒன்று உண்டு. பவர் குவெரி வெற்றுக் கட்டங்களைப் பட்டியலில் சேர்க்காது. கூட்டுத்தொகை மாறாது; வரிகள்தான் குறையும். நான்கு முடி நிறங்களை நான்கு கண் நிறங்களால் பெருக்கி, வரிகள் 16 இருக்கின்றனவா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். வெற்றிடத்துக்கு 'ஒருவரும் இல்லை' என்று பொருளானால், மாற்றுவதற்கு முன்பே அங்கே 0 எழுதுங்கள். 'கணக்கெடுக்கவில்லை' என்று பொருளானால் 0 எழுதக் கூடாது. எழுதினால் எடுக்காத கணக்கை எடுத்ததாகச் சொன்னதாகும்.

பட்டியலில் ஒரு வரி என்பது ஓர் ஆள் அல்ல. நீலக் கண்ணர்கள் எத்தனை பேர் என்று அறிய வரிகளை எண்ணினால் 4 என்றுதான் வரும். எண்ணிக்கை நெடுவரிசையைக் கூட்டினால் சரியான விடை கிடைக்கும்: 215 பேர்.