ஒரே நடையில் ஆறு ஆர்டர்

காலை ஒன்பது மணிக்குப் பிரிண்டரிலிருந்து 120 ஆர்டர் சீட்டுகள் வந்து விழுகின்றன. மாலை ஐந்து மணிக்குக் கூரியர் வண்டி வாசலில் வந்து நிற்கும். இடைப்பட்ட நேரத்தில் சரக்கு எடுக்கும் பையன் என்ன செய்கிறான்? மேல் சீட்டை எடுக்கிறான், ரேக்குகளுக்கு நடுவே போகிறான், கேட்ட பனியனைத் தேடி எடுத்துப் பேக்கிங் மேசையில் வைக்கிறான், அடுத்த சீட்டை எடுக்கிறான். கருநீல நிறத்தில் எல் சைஸ் பனியனை மூன்று பேர் கேட்டிருந்தால், அரை மணி நேரத்துக்குள் அதே ரேக்கின் முன் மூன்று முறை போய் நிற்கிறான். திருப்பூரில் இருந்தபடி ஆன்லைனில் ஆடை விற்கும் சிறு குடோன்களின் வேலைநாள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கை வேகமாகத்தான் வேலை செய்கிறது. நேரத்தைத் தின்பது கால்.

எவ்வளவு தின்கிறது என்று ஒரு குடோனை வைத்துக் கணக்குப் போடலாம். ரேக்குகளுக்கு இடையே நான்கு சந்துகள், ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம். ஒரு சந்திலிருந்து அடுத்ததற்கு 3 மீட்டர். ஒவ்வொரு சந்திலும் மீட்டருக்கு ஒன்றாக 12 கட்டங்கள், முதல் சந்தின் வாயிலேயே பேக்கிங் மேசை. ஆறு ஆர்டர்கள் வந்திருக்கின்றன. மொத்தம் ஒன்பது உருப்படி. நான்காம் சந்தின் ஆறாவது கட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு பனியனைக் கேட்கும் ஆர்டருக்கு, சந்துவரை 9 மீட்டர், உள்ளே போய்வர 12, மேசைக்குத் திரும்ப 9 என்று 30 மீட்டர் ஆகிறது. மற்ற ஐந்தும் இதேபோல 18 மீட்டரிலிருந்து 32 மீட்டர்வரை இழுக்கின்றன. ஆறையும் தனித்தனியாக எடுத்து முடிக்கும்போது பையன் 164 மீட்டர் நடந்திருப்பான்.

இப்போது அவன் கையில் ஒரு தள்ளுவண்டியைக் கொடுப்போம். அதில் ஆறு கூடைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்டர் எண். ஒன்பது உருப்படிகளையும் ஒரே பட்டியலாக்கி, நடக்கும் வழியின் வரிசையில் அடுக்கினால் இப்படி வரும்:

```
L1-02  L1-04  L1-09
L2-08  L2-03
L3-05  L3-10
L4-06  L4-04
```

முதல் எண் சந்து, இரண்டாவது எண் கட்டம். இரண்டாம் சந்திலும் நான்காம் சந்திலும் பெரிய எண் முதலில் வருவது அச்சுப்பிழை அல்ல. முதல் சந்தின் கடைசிவரை போனவன் திரும்பி வர வேண்டியதில்லை. பின்பக்கமாகவே இரண்டாம் சந்துக்குள் நுழைந்து மேசைப் பக்கம் வருகிறான். மூன்றாம் சந்தில் மறுபடி உள்ளே போய், நான்காம் சந்து வழியாக வெளியே வருகிறான். பாம்பு நெளிவதுபோன்ற இந்த ஒரே நடைக்கு 66 மீட்டர்தான். ஆறு ஆர்டருக்கு 98 மீட்டர் மிச்சம். ஒரு நாளின் 120 ஆர்டரும் இதே வீதத்தில் இருந்தால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவருக்கு அரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம்.

ஆர்டர்களை வந்த வரிசையிலேயே ஆறு ஆறாகப் பிரித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையான லாபம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பன்னிரண்டு ஆர்டர்கள் கையில் இருக்கின்றன. அதில் ஆறு, முதல் இரண்டு சந்துகளோடு முடிந்துவிடுகின்றன. மற்ற ஆறும் கடைசி இரண்டு சந்துகளில். வந்த வரிசையில் பிரித்தால் இரண்டு நடையிலும் நான்கு சந்தும் கலந்து வரும். 66, 66 என்று 132 மீட்டர். சந்து பார்த்துப் பிரித்தால் முதல் நடை 30 மீட்டரில் முடியும், இரண்டாவது 42 மீட்டரில். ஆக 72. வண்டியும் ஆளும் அதேதான். சீட்டுகளைப் பிரித்த விதம் மட்டுமே வேறு. இரண்டு பக்கமும் சரக்கு கேட்கும் ஆர்டர்கள் வரத்தான் செய்யும். அவற்றை இரண்டு கட்டிலும் தூவிவிடாமல், தனியே ஒரு கட்டாகச் சேர்ப்பதே நல்லது.

செவ்வக வடிவக் கிடங்கில் ஒரு பட்டியலுக்கு மிகக் குறுகிய நடை எது என்று கண்டுபிடிக்கும் முறையை ராட்லிஃப், ரோசெந்தால் என்ற இருவர் 1983-இல் வெளியிட்டார்கள். நான்கு சந்து குடோனுக்கு அவ்வளவு கணக்குத் தேவையில்லை. எக்ஸெல் போதும். ஆனால் அங்கே ஒரு கண்ணி உண்டு: இட எண்ணை 2-08 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றிவிடும். முன்னால் ஓர் எழுத்து இருந்தால் மாற்றாது. L2-8 என்று எழுதினாலும் சிக்கல்தான். வரிசைப்படுத்தும்போது பத்தாவது கட்டம் இரண்டாவதற்கு முன்னால் போய் உட்காரும். அதனால் கட்டத்துக்கு எப்போதும் இரண்டு இலக்கம். இட எண் A2 கட்டத்தில் இருந்தால், பக்கத்தில் இதைப் போட்டு, வரும் எண்ணைக்கொண்டு சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் பாம்பு வழி தானாக வந்துவிடும்:

```
=MID(A2,2,1)*100+IF(MOD(MID(A2,2,1),2)=1,RIGHT(A2,2),99-RIGHT(A2,2))
```

ஒற்றைப்படைச் சந்தில் கட்ட எண் ஏறுமுகம், இரட்டைப்படையில் இறங்குமுகம். இந்தச் சூத்திரம் சொல்வது அவ்வளவுதான். சந்துகள் ஒன்பதுக்கு மேல் போனால் இதை மாற்றி எழுத வேண்டும்.

சந்தின் மறுமுனை சுவரில் முட்டி நின்றால் பாம்பு வழி நடக்காது. வீட்டை ஒட்டிய குடோன்களில் இது சகஜம். அங்கே எல்லாச் சந்திலும் ஏறுமுகமாகவே அடுக்கி, வண்டியைச் சந்து வாயில் நிறுத்திவிட்டு, தேவையான கூடையோடு உள்ளே போய்த் திரும்புவதே வழி. மிச்சம் சற்றுக் குறையும், ஆனாலும் ஒவ்வொரு சந்துக்கும் ஒரே ஒரு முறைதான் போகிறோம்.

நடை குறைவதற்கு ஒரு விலை உண்டு. ஒற்றை ஆர்டரை எடுக்கும்போது பொருள் தவறான ஆளுக்குப் போக வழியே இல்லை. கையில் இருப்பதெல்லாம் ஒருவருக்கு உரியது. ஆறு கூடைகள் வந்ததும் இரண்டு விதத் தவறுகள் பிறக்கின்றன. வாடிக்கையாளர் புகாரைப் பார்த்தே எந்தத் தவறு என்று கண்டுபிடித்துவிடலாம். ஒருவருக்கு மட்டும் எல்லுக்குப் பதில் எக்ஸ்எல் போயிருந்தால், பக்கத்துக் கட்டத்தில் கைவைத்திருக்கிறார்கள். ரேக்கின் லேபிளைச் சரிசெய்ய வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு ஒன்று குறைந்து, இன்னொருவருக்கு அதே பொருள் கூடுதலாகப் போயிருந்தால், எடுத்தது சரி, கூடை மாறியிருக்கிறது. இதற்கு மருந்து எளிது: பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் கூடை எண்ணைப் பொருளின் பெயரைவிடப் பெரிதாக அச்சிடுவது, கூடைகளை ஒவ்வொரு நிறத்தில் வைப்பது, பேக்கிங் மேசையில் இருப்பவர் சீட்டிலுள்ள எண்ணிக்கையோடு கூடையில் இருப்பதை எண்ணிப் பார்ப்பது.

கட்டு பெரிதாகப் பெரிதாக நடை குறையும் என்று இருபது கூடைக்குத் தாவுவதும் சரிவராது. நான்கு சந்தையும் சுற்றும் நடை ஆறு ஆர்டருக்கும் 66 மீட்டர்தான், இருபதுக்கும் 66 மீட்டர்தான். இருபது கூடையில் சரியானதைத் தேடும் நேரமோ ஒவ்வொரு உருப்படிக்கும் கூடும். வண்டியும் சந்தில் திரும்பாது. பேக்கிங் செய்பவர் முதல் கூடைக்காகக் கைகட்டிக் காத்திருப்பார். பிறகு இருபதும் ஒரேயடியாக மேசையில் வந்து குவியும். அதனால் காலையில் ஆறு எட்டு என்று எடுப்பவர்கள், நான்கு மணிக்குமேல் வரும் ஆர்டர்களை இரண்டு மூன்றாகவே எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் நடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஐந்து மணி வண்டியில் பெட்டி ஏறியாக வேண்டும்.