ஒரு படம், பல பேனர்

விளம்பரத்துக்காக ஒரு டபரா டம்ளரைப் படம் எடுத்திருந்தோம். மர மேசை, வலது ஓரத்தில் பாதி தெரியும் ஜன்னல், காபிக்குப் பின்னால் இடப்பக்கம் சாயும் நிழல். படம் நெட்டுவாக்கில், 2000க்கு 2500 பிக்சல். வாடிக்கையாளர் கேட்டதோ 970க்கு 250 அளவில் ஓர் இணையதள பேனர். அகலம் உயரத்தைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

டம்ளரை முழுசாக வைக்க 1500 பிக்சல் உயரம் வேண்டும். அந்த உயரத்துக்கு அகலம் 5820. ஆக, 3820 பிக்சல் அகலத்துக்கு இல்லாத மேசையையும் சுவரையும் உண்டாக்க வேண்டும். வாசகம் இடப்பக்கம் வருவதால் அங்கே 2600, வலப்பக்கம் 1220. இதற்குத்தான் ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்ட் போன்ற கருவிகள். கேன்வாஸை இழுத்துவிட்டால் வெற்றிடத்தை ஏஐ வரைந்து நிரப்பும்.

முதல் தடவை அவசரத்தில் 2600ஐயும் ஒரே இழுப்பில் இழுத்தேன். இடப்பக்கம் இன்னொரு ஜன்னல் முளைத்தது, அதில் பளீரென்று வெயில். நிழலோ அந்த வெயிலை நோக்கியே சாய்ந்து கிடந்தது. சும்மா பார்த்தால் அழகான படம்தான். கண்ணுக்கு மட்டும் ஏதோ உறுத்தும்.

வெற்றிடம் பெரிதானால் ஏஐ அசல் படத்தின் பிடியை விட்டுவிடுகிறது. அதனால் மறுபடி 650 பிக்சலாக நாலு தடவை நீட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே இருக்கும் படத்தில் நூறு பிக்சலையாவது சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒட்டு தெரியாது. குறிப்பு எழுதும் இடத்தில் புதிய பகுதியில் இருக்க வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: ‘வெறும் மர மேசை, மங்கலான சுவர்’. ‘காபி’ என்று எழுதினால் இன்னொரு டம்ளர் வந்து உட்காரும்.

ஒவ்வொரு நீட்டலுக்குப் பிறகும் மேசை விளிம்பின்மேல் ஒரு நேர்கோடு போட்டுப் பார்ப்பேன். விளிம்பு கோட்டை விட்டு வளைந்தால் அந்தத் துண்டை அழித்துவிட்டு மறுபடி. மர ரேகை அச்சு அடித்தாற்போல் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே.

அடுத்து 1200க்கு 628 அளவு கேட்டார்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். அசலை எடுத்துப் புதிதாக நீட்டுவார்கள். ஒரு பேனரில் ஜன்னலின் மறுபாதிக்குக் கம்பி வரும், இன்னொன்றில் மரக்கதவு வரும். ஒரே ஆள் இரண்டையும் பார்ப்பாரே! அகலமான மூலப்படம் ஒன்றைச் செய்துவைத்துக்கொண்டு மற்ற அளவுகளை அதிலிருந்தே வெட்டுங்கள். 300க்கு 250 அளவுக்கு நீட்டவே வேண்டாம், அசலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

புதிய பகுதி அசலைவிடச் சற்று மங்கலாக இருக்கும். 970க்குச் சுருக்கும்போது அது தெரியாது. அச்சுக்குப் பெரிதாகப் போனால் தெரியும். இரண்டுக்கும் பொதுவாக மெல்லிய பொடிப்புள்ளி தூவினால் ஓரளவு மறையும்.

728க்கு 90 பட்டைக்கு மட்டும் இந்த வேலையே வேண்டாம். அந்த உயரத்தில் மேசையும் ஜன்னலும் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. டம்ளரை மட்டும் வெட்டி, ஒரே நிறப் பின்னணியில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.