916-க்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு எழுத்துகள்

நகை வாங்கும்போது சில கடைகளில் வழுவழுப்பான அட்டை ஒன்றைச் சேர்த்துத் தருவார்கள். நகையின் பெயர், எடை, '916 தரம்' என்ற வரி, கீழே கடையின் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். பலர் அதைத்தான் ஹால்மார்க் சான்றிதழ் என்று நினைத்துப் பீரோவில் பத்திரப்படுத்துகிறார்கள். அந்த அட்டை கடைக்காரர் தரும் வாக்கு மட்டுமே. ஹால்மார்க் முத்திரை நகையின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதன் விவரங்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவேட்டில் இருக்கும். வாங்குகிறவர் படிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

முதலில் நகையைப் பார்ப்போம். மோதிரம் என்றால் உள்வட்டத்திலும், சங்கிலி என்றால் பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கத்திலும் லேசரால் பொறித்திருப்பார்கள். வெறுங்கண்ணுக்கு அது ஒரு கீறல்போலத்தான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கேட்டால் கடையில் தர வேண்டும். அதன் வழியே பார்த்தால் மூன்று அடையாளங்கள் தெரியும். ஒன்று, அமைவனத்தின் முக்கோண முத்திரை. இரண்டாவது 22K916 போன்ற தரக் குறியீடு. மூன்றாவது, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இதை ஹெச்யுஐடி என்கிறார்கள்.

தரக் குறியீட்டைப் படிப்பது எளிது. சுத்தத் தங்கம் 24 காரட். இருபத்திரண்டை இருபத்துநான்கால் வகுத்தால் 0.916 வரும். அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவற்றின் கலப்பு. 20 காரட் என்றால் 20K833, 18 காரட் என்றால் 18K750. வைர நகைகளும் நுணுக்க வேலைப்பாடுள்ள நகைகளும் பெரும்பாலும் 18 காரட்டில் வரும். அதில் குற்றமில்லை, விலையும் 18 காரட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'கேடிஎம்' என்ற சொல்லை மட்டும் தரத்தோடு சேர்க்கக் கூடாது. அது காட்மியம் கலந்து பற்றவைக்கும் முறையின் பெயர். காட்மியப் புகை பொற்கொல்லர்களின் உடலைக் கெடுக்கும் நஞ்சு. ஹால்மார்க் நகையில் காட்மியத்துக்கு இடமில்லை.

916 என்ற எண்ணைவிட ஆறு இலக்கக் குறியீட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன். அச்சு ஒன்று கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் 916 என்று குத்திவிடலாம். ஆறு இலக்கக் குறியீடோ வண்டியின் பதிவெண்போல ஒரே ஒரு நகைக்கு உரியது. 2021 ஜூன் 16 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. அடுத்த மாதமே இந்தக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு, ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் இந்தக் குறியீடு இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அதற்கு முன் வாங்கிய ஹால்மார்க் நகைகளில் இந்தக் குறியீடு இல்லாமல் நான்கு முத்திரைகள் இருக்கலாம். அவை செல்லாமல் போய்விடவில்லை. இரண்டு கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே சிறிய மூக்குத்தியில் குறியீடு இல்லையென்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம்.

கடையிலேயே நின்று BIS Care செயலியைத் திறந்து, Verify HUID பகுதியில் அந்த ஆறு இலக்கங்களை இடுங்கள். நகைக்கு ஹால்மார்க் வாங்கியவர் யார், எந்த மையத்தில் சோதித்தார்கள், எந்தத் தேதியில், என்ன வகை நகை, என்ன தரம் என்பதெல்லாம் திரையில் வரும். நகையின் வகையைக் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் இருப்பது நெக்லஸ், திரையில் மோதிரம் என்று வந்தால், வேறொரு நகையின் குறியீட்டை எடுத்துப் பொறித்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். அங்கே காட்டும் பெயர் கடையின் பெயராக இல்லாவிட்டால் மட்டும் அவசரப்பட வேண்டாம். மொத்த வியாபாரியோ நகையைச் செய்தவரோ தம் பெயரில் ஹால்மார்க் வாங்கிக் கடைக்கு அனுப்புவதுண்டு.

இந்தப் பதிவுக்குப் பின்னால் இருக்கும் சோதனையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. மையத்துக்கு வரும் நகைகளை முதலில் எக்ஸ்ரே கருவியில் வைப்பார்கள். நகை சேதமாகாது, சில நிமிடங்களில் முடிவு தெரியும். ஆனால் அந்தக் கதிர் மேற்பரப்பைத்தான் படிக்கும். மேலே கனமாகத் தங்க முலாம் இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் நகைத் தொகுதியிலிருந்து மாதிரி எடுத்து நெருப்புச் சோதனை செய்கிறார்கள். சுரண்டி எடுத்த துளியைத் துல்லியமாக எடை போட்டு, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, நுண்துளைகள் கொண்ட சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். தங்கமும் வெள்ளியும் சேர்ந்த மணி மட்டும் மிஞ்சும். அதைத் தட்டி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துபோகும், தங்கம் நிற்கும். நின்ற தங்கத்தின் எடையை முதலில் எடுத்த துளியின் எடையால் வகுத்தால் கிடைப்பதுதான் தரம்.

இவ்வளவு செய்தும் ஹால்மார்க் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களிடம் எத்தனை கிராம் தங்கத்துக்குப் பணம் வாங்குகிறார்கள் என்பதை அது சொல்லாது. கல் பதித்த நெக்லஸ் ஒன்று தராசில் 16.8 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கல்லின் எடை 0.8 கிராம் என்றால் தங்கத்தின் நிகர எடை 16 கிராம், அதாவது இரண்டு சவரன். கணக்குக்கு எளிதாக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால், கல்லையும் தங்கமாக எண்ணிப் பில் போடும்போது 8,000 ரூபாய் கூடுதலாகப் போகும். முத்திரை அசலாகவே இருக்கும், ஆனாலும் இந்த இழப்பு நேரும். ஆகவே பில்லில் நகையின் விவரம், நிகர எடை, காரட்டும் தரக் குறியீடும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி எழுதித் தருவது விற்பவரின் கடமை. செய்கூலியும் சேதாரமும் ஹால்மார்க்கின் எல்லைக்குள் வராது. அவற்றைக் கடைக்காரரோடு பேசித்தான் முடிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு சங்கிலியை நீட்டினாலோ, ஒடிந்த இடத்தைப் பற்றவைத்தாலோ, புதிதாகச் சேர்ந்த பகுதி சோதிக்கப்பட்டதல்ல. பழைய முத்திரை அதற்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

சந்தேகம் தீராவிட்டால், அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற எந்த ஹால்மார்க் மையத்திலும் கட்டணம் செலுத்தி நகையைச் சோதித்துக்கொள்ளலாம். அந்த நெக்லஸ் 916 என்று விற்கப்பட்டு, சோதனையில் 900 என்று வந்தால் என்ன ஆகும்? ஆயிரத்துக்கு 16 பங்கு குறைவு. 16 கிராமுக்கு 0.256 கிராம் சுத்தத் தங்கம். சுத்தத் தங்கம் கிராம் 11,000 ரூபாய் என்றால் குறைந்த மதிப்பு 2,816 ரூபாய். தரக் குறைவால் வரும் வித்தியாசத்தைப்போல இரண்டு மடங்கையும், சோதனைக் கட்டணத்தையும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இங்கே அது 5,632 ரூபாயும் சோதனைச் செலவும். இந்தக் கணக்கை எழுப்ப, பில்லில் உள்ள நிகர எடையும் தரமும்தான் ஆதாரம். பில் வேண்டாம், விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லி நீட்டும் எஸ்டிமேட் சீட்டோடு திரும்பினால், இந்த இழப்பீட்டைக் கேட்கக் கையில் எதுவும் இருக்காது.