‘ஜாப் ஒர்க்’ தேடினால் ‘ஜாப்’ வருகிறது: பிராட் மேட்ச் பற்றி ஒரு குறிப்பு

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சிஎன்சி பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னது இது: “கூகுள் கணக்குல ஒரு என்கொயரிக்கு ஆகிற செலவு குறைஞ்சிக்கிட்டே போகுது தம்பி. ஆனா போன் எடுத்தா பாதிப்பேர் ஆபரேட்டர் வேலை இருக்கா சார்னு கேக்கறாங்க.”

இரண்டுமே உண்மைதான். ஒன்று நடந்ததால்தான் மற்றதும் நடந்தது. பிராட் மேட்ச் கொஞ்சம் கொஞ்சமாக விரியும்போது கன்வர்ஷன் செலவு ஏறினால் யாருக்கும் தெரிந்துவிடும். அது இறங்கும்போது வரும் பிரச்சினைதான் கண்ணில் படாது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்காக இந்தக் குறிப்பு.

அம்பத்தூரில் இது ஏன் சீக்கிரம் நடக்கிறது

நம் பக்கத்துப் பட்டறைகளில் ‘ஜாப் ஒர்க்’ என்றால் அடுத்தவர் கொடுக்கும் ட்ராயிங்குக்கு, பல சமயம் அவர் கொடுக்கும் மெட்டீரியலிலேயே, கூலிக்குக் கடைந்து கொடுப்பது. ‘ஜாப்’ என்றால் வேலை, சம்பளம். அம்பத்தூர், ஆவடி, திருமழிசை எஸ்டேட்டுகளைச் சுற்றி இந்த இரண்டு தேடலும் ஒரே தெருவில் நடக்கிறது. பாடியில் இருக்கும் பர்சேஸ் மேனேஜர் `cnc job work ambattur` என்று அடிக்கிறார். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கும் ஐடிஐ பையன் `cnc job ambattur` என்று அடிக்கிறான். வித்தியாசம் ஒரே ஒரு வார்த்தை.

2021 வரைக்கும் வார்த்தைக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அந்த வார்த்தை (அல்லது அதை ஒட்டிய வடிவம்) தேடலில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. அந்த வசதியைக் கூகுள் அந்த வருஷம் ஃப்ரேஸ் மேட்சோடு சேர்த்துவிட்டது. இப்போதைய பிராட் மேட்ச் வார்த்தையைப் பார்ப்பதைவிட அர்த்தத்தைப் பார்க்கிறது. தேடுகிறவர் சமீபத்தில் வேறு என்ன தேடினார், உங்கள் லேண்டிங் பேஜில் என்ன எழுதியிருக்கிறது, அதே ஆட் குரூப்பில் வேறு என்ன கீவேர்டு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொள்கிறது. அந்தப் பேஜின் அடியில் ‘ஆட்கள் தேவை’ என்று ஒரு வரி கிடந்தால், அதுவும் உங்களைப் பற்றிய ஒரு தகவல்தான்.

மாதாமாதம் என்ன மாறுகிறது

முதல் இரண்டு வாரம் வரும் தேடல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். `vmc job work near me`, `cnc turning padi` மாதிரி. அடுத்து `cnc companies in ambattur` மாதிரியானவை நுழையும். இது கலப்படம். சப்ளையர் தேடுகிறவரும் இதைத்தான் அடிப்பார், வேலை தேடுகிறவரும் இதைத்தான் அடிப்பார். இந்தக் கலப்படம்தான் பாலம்.

பாலத்தைத் தாண்ட வைப்பது ஸ்மார்ட் பிட்டிங். போன் காலைக் கன்வர்ஷனாக எண்ணும்போது, விளம்பரத்திலிருந்து வரும் கால் 60 விநாடி நீடித்தால் போதும் என்பதுதான் மாற்றாமல் விட்டால் இருக்கும் அளவு. வேலை கேட்கிறவர் 60 விநாடி தாராளமாகப் பேசுவார். பர்சேஸ் மேனேஜர் நாலு பட்டறை வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, ட்ராயிங்கைத் தயார் செய்துகொண்டு, இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுவார். இயந்திரத்தின் கண்ணில் முதலாமவர்தான் சீக்கிரமாகவும் மலிவாகவும் கன்வர்ட் ஆகும் ஆள். அதனால் அவரைப் போன்றவர்களுக்கு இன்னும் அதிகமாக விளம்பரம் காட்டுகிறது. மூன்றாவது, நாலாவது மாதத்தில் `cnc operator vacancy avadi` வரை போய்விடும். அது தப்பு பண்ணவில்லை. நாம் எதை வெற்றி என்று சொல்லிக்கொடுத்தோமோ அதைத்தான் தேடிக்கொண்டு வருகிறது.

ஒரு கணக்கு

விஷயம் புரிவதற்காக நானே போட்ட உருண்டை எண்கள் இவை.

முதல் மாதம் ஃப்ரேஸ் மேட்ச் மட்டும். தினம் ₹600 வீதம் ₹18,000 செலவு, 20 கன்வர்ஷன். ஒன்றுக்கு ₹900. போன் நோட்டைப் பார்த்தால் 20-இல் 18 பேர் நிஜ என்கொயரி. அப்படியானால் நிஜ என்கொயரி ஒன்றுக்கு ₹1,000.

நாலாவது மாதம் பிராட் மேட்ச். செலவு குறைகிறதே என்று தினசரி பட்ஜெட்டை ₹1,000 ஆக்கியாகிவிட்டது. ₹30,000 செலவு, 50 கன்வர்ஷன். ஒன்றுக்கு ₹600. ஸ்கிரீனில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

இப்போது அந்த ₹30,000-ஐ மூன்றாகப் பிரியுங்கள். முதல் மாதத்திலேயே இருந்த பழைய தேடல்களுக்கு ₹12,000 போய் 12 கன்வர்ஷன் வந்திருக்கிறது. புதிய தேடல்களில் உருப்படியானவற்றுக்கு ₹9,000 போய் 8 கன்வர்ஷன். வேலை தேடும் தேடல்களுக்கு ₹9,000 போய் 30 கன்வர்ஷன், ஒன்றுக்கு ₹300தான். சராசரியைக் கீழே இழுத்தது இந்த மூன்றாவது குவியல். அதை எடுத்துவிட்டால் நிஜ என்கொயரி 20. மொத்தச் செலவை அதால் வகுத்தால் ஒன்றுக்கு ₹1,500.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. கூடுதலாகப் போட்டது ₹12,000. கூடுதலாகக் கிடைத்த நிஜ என்கொயரி 2. அந்த இரண்டும் ஒன்று ₹6,000 விலைக்கு வாங்கியவை. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த எண் எப்போதும் தெரியாது. பழைய தேடல்களுக்குப் போன பணம் ₹18,000-இலிருந்து ₹12,000 ஆகிவிட்டதையும் கவனியுங்கள். பட்ஜெட்டை ஏற்றிய பிறகும், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததன் பங்கைப் புதியது தின்றிருக்கிறது.

எப்படிப் பரிசோதிப்பது

பிராட் மேட்சை ஆன் செய்வதற்கு முந்தைய ஒரு மாத Search terms ரிப்போர்ட்டை இறக்கி, `Base` என்ற ஷீட்டில் வைத்துவிடுங்கள். பிறகு அதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு மாதமும் புது ரிப்போர்ட்டை இன்னொரு ஷீட்டில் போட்டு (A-இல் தேடல், C-இல் செலவு, D-இல் கன்வர்ஷன் என்று வைத்துக்கொள்வோம்), ஒரு காலி காலத்தில் இதைப் போடுங்கள்:

```
=IF(COUNTIF(Base!A:A,A2)>0,"old","new")
```

பழையது, புதியது என்று பிரிந்துவிடும். அடுத்து, புதிய தேடல்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் வார்த்தை வாரியாகக் கூட்டுங்கள். ஒரு தேடலுக்கு இரண்டு க்ளிக், மூன்று க்ளிக்தான் இருக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் `vacancy` வருகிற எல்லாத் தேடலுக்கும் சேர்த்து எவ்வளவு போனது என்பது பேசும்:

```
=SUMIF(A:A,"*vacancy*",C:C)
```

`salary`, `operator`, `fresher`, `velai`, `வேலை` என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

மூன்று விஷயத்தில் ஏமாறக்கூடாது. ஒன்று, 2020 செப்டம்பரிலிருந்து இந்த ரிப்போர்ட்டில் குறைவான பேர் தேடிய தேடல்கள் வருவதில்லை. மொத்தச் செலவிலிருந்து பட்டியலில் தெரியும் செலவைக் கழித்து, தெரியாத பங்கு மாதாமாதம் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். பிராட் மேட்ச் போட்ட பிறகு அந்தப் பங்கு வளர்ந்துகொண்டே போனால், தேடல்கள் சிதறுகின்றன என்று அர்த்தம். இரண்டு, கடைசிப் பத்து நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிஜ வாடிக்கையாளர் தாமதமாகத்தான் கன்வர்ட் ஆவார், அதனால் புது நாட்கள் எப்போதும் மோசமாகவே தெரியும். மூன்று, போன் நோட்டு. ட்ராயிங் கேட்டாரா, வேலை கேட்டாரா என்று போன் எடுப்பவர் ஒரு டிக் போட்டால் போதும். அந்த நோட்டு இல்லாமல் மேலே சொன்ன ₹1,500 கிடைக்காது.

நெகட்டிவ் போடுவதில் ஒரு பள்ளம்

எல்லோரும் முதலில் செய்வது `job` என்று ஒரு நெகட்டிவ் கீவேர்டு சேர்ப்பது. சேர்த்த அன்றைக்கே `cnc job work` தேடுகிறவருக்கும் விளம்பரம் நின்றுவிடும். சோறு போடும் வார்த்தையையே அடைத்த கதைதான்.

நெகட்டிவ் கீவேர்டு மற்ற கீவேர்டு மாதிரி ஒருமை பன்மையையோ ஒத்த அர்த்தத்தையோ பார்க்காது. வழக்கமாக இது தொல்லை, இந்த இடத்தில் உதவி. `jobs` என்று போட்டால் `cnc jobs in ambattur` நிற்கும், `cnc job work` நிற்காது. அதோடு `vacancy`, `salary`, `operator`, `fresher`, `hiring` ஆகியவற்றையும் சேர்க்கலாம். அதே காரணத்தால் `vacancy` போட்டால் `vacancies` நிற்காது, தனியாகப் போட வேண்டும். `velai`, `வேலை`, `வேலைவாய்ப்பு` மூன்றும் அதற்கு மூன்று வேறு வார்த்தைகள்.

`cnc job ambattur` என்பது இதற்கெல்லாம் தப்பிவிடும். அதை எக்ஸாக்ட் நெகட்டிவாக அப்படியே போட வேண்டும். ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை என்று ஊர் ஊராக. `cnc companies in ambattur` மாதிரியான கலப்படத்தை எடுத்த எடுப்பில் அடைக்காதீர்கள். போன் நோட்டு இரண்டு மாதம் சேர்ந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆனால் நெகட்டிவ் மட்டும் போட்டால் களை மேலே வெட்டின மாதிரிதான். வேர் கன்வர்ஷன் வரையறையில் இருக்கிறது. ட்ராயிங் அனுப்பும் ஃபார்மை Primary ஆக வைத்து, போன் காலை Secondary ஆக மாற்றினால், பிட்டிங் கால்களைத் துரத்துவதை நிறுத்தும். கால்கள் கண்ணுக்குத் தெரியும், ஏலத்தில் சேராது. இதற்கு ஒரு விலை உண்டு. மாதம் ஏழெட்டு ஃபார்ம்தான் வருகிறது என்றால் இயந்திரம் கற்றுக்கொள்ள அது போதாது. அந்த அளவில் இருக்கும் பட்டறைக்கு பிராட் மேட்சே வேண்டாம் என்பது என் கருத்து.

வேண்டும் என்றால், வேலை செய்கிற பழைய தேடல்களை எக்ஸாக்ட் மேட்சாகத் தனி கேம்பெயினில், தனி பட்ஜெட்டில் வையுங்கள். தேடலோடு அப்படியே ஒத்துப்போகும் எக்ஸாக்ட் கீவேர்டுக்கு முன்னுரிமை உண்டு, அதன் பட்ஜெட் தீராதவரை. பிராட் மேட்சை வேறு கேம்பெயினில், இழந்தாலும் பரவாயில்லை என்கிற தொகைக்கு ஓடவிடுங்கள். அப்போது விரிவுக்கு ஆன செலவு தனி வரியாகவே தெரியும்.

ஆரம்பத்தில் சொன்ன பட்டறைக்காரர் இப்போது வேலை கேட்டு வரும் நம்பர்களையும் அந்த நோட்டிலேயே தனிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார். ஆள் தேவைப்படும்போது உதவும் என்கிறார். இருக்கலாம். ஆனால் அதை விளம்பரச் செலவில் எழுதக்கூடாது.