கைத்தடி விற்க நான்கு வரிகள்

சென்ற வருடம் அலுமினியக் கைத்தடிகளை எனது கடைக்கு எடுத்தேன். துண்டுப்பிரசுரத்திலும் வட்ஸ்அப்பிலும் நான் போட்ட வாசகம், "உயர்தரமானது, நவீன வடிவமைப்பு, சகலருக்கும் ஏற்றது." முதலில் விற்ற 12 தடிகளில் 4 திரும்பி வந்தன.

ஒன்றைக் கொண்டு வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "தம்பி, இதை ஊன்றினால் தோள் வலிக்கிறது" என்றார். நடந்து காட்டச் சொன்னேன். தடி ஊன்றும் பக்கத் தோள் மேலே ஏறியது. தடி நீளம் கூடியிருப்பதற்கு அதுவே அடையாளம். அவரைச் செருப்புடன் நிமிர்ந்து நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, நிலத்திலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்தேன். 31 அங்குலம். தடியோ 36 அங்குலத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தி ஐந்து துளை இறக்கிக் கொடுத்தேன். "இதை இறக்கலாம் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிரவே விளம்பரத்தை மாற்றி எழுதினேன்:

"உயரம் 29 முதல் 38 அங்குலம் வரை மாற்றலாம். ஒரு துளைக்கு ஒரு அங்குலம்.
செருப்புடன் நின்று, நிலத்திலிருந்து மணிக்கட்டு வரை அளந்து சொல்லுங்கள். நாங்களே சரிசெய்து தருவோம்.
பொத்தான் துளைக்கு வெளியே முழுதாக வந்த பின்னரே ஊன்றுங்கள்.
வலது கால் வலித்தால் இடது கையில் பிடியுங்கள். இடது கால் வலித்தால் வலது கையில்."

கடைசி வரியை வாசித்துப் பலர் ஆச்சரியப்பட்டார்கள். வலிக்கும் பக்கமே பிடிக்கவேண்டும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். தடியையும் வலிக்கும் காலையும் ஒன்றாக முன்வைத்தால், அந்தக் காலின் பாரத்தில் ஒரு பங்கைத் தடி தாங்கும்.

இரண்டு விடயங்களை மறைக்காமல் கீழே சேர்த்தேன். ஒன்று, அடியிலுள்ள றப்பர் தேய்ந்து வரிகள் மறைந்தால் வுழூச் செய்யும் ஈரத்தரையில் வழுக்கும், உடனே மாற்றவேண்டும். மாற்று றப்பரின் விலையையும் எழுதினேன். மற்றது, இரு கால்களும் தள்ளாடுபவருக்கு இந்தத் தடி போதாது, வைத்தியரிடம் கேட்டு வாங்கவேண்டும். இதனால் சில விற்பனைகள் கைநழுவின. ஆனாலும் விழுந்தவரின் பிள்ளைகள் கடைக்கு வந்து நிற்பதைவிட அது மேல்.

எழுத்தைப் பெரிதாக, வெள்ளைத்தாளில் கறுப்பாக அச்சிட்டேன். முன்பு படத்தின் மேல் ஓடிய வெளிர்நிற எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை என்று முறைப்பட்டவர்கள் இருந்தார்கள்.

அதன் பின்னர் திரும்பி வந்தது ஒரேயொரு தடி. அதுவும் பொத்தான் இறுகியிருந்ததால். விரல் பலம் குறைந்தவர்களுக்கு இப்போது கடையிலேயே அழுத்திப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.