யார் வருவார் என்று சொல்லுங்கள்

“தகுதிவாய்ந்த தொழில்நுட்ப வல்லுநர்களால் குறித்த கால இடைவெளியில் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படுகின்றன. புகார்கள் பெறப்பட்டவுடன் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.”

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொடுக்கும் விளக்கக் கையேட்டில் இருந்த வரிகள் இவை. திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் யாரைக் கூப்பிடுவது, யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்று தேடினால் ஒரு சொல்கூடக் கிடைக்காது.

தமிழ் வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறார். ‘வருவோம்’ என்றால் நாங்கள், ‘வருவார்’ என்றால் அவர். எழுவாயை எழுதாமல் விட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். செயப்பாட்டு வினையில் அந்த விகுதி செய்பவரை விட்டு வேறொன்றின் பக்கம் போய்விடுகிறது. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதில் விகுதி நடவடிக்கையைத்தான் சுட்டுகிறது. எடுப்பவர் வாக்கியத்திலேயே இல்லை.

பெயர்ச்சொற்களைக் குவிப்பதாலும் இதே கேடு வருகிறது. ‘பராமரிக்கிறோம்’ என்று ஒரே வினையில் முடிய வேண்டியது, ‘பராமரிப்பு’ என்ற பெயராகி, அதன் பின்னால் ‘பணிகள்’ சேர்ந்து, கடைசியில் ‘மேற்கொள்ளப்படுகின்றன’ என்ற வெற்று வினையில் போய் நிற்கிறது. ‘பரிசீலனை செய்யப்பட்டு’, ‘தீர்வு காணப்பட்டு’ எல்லாமே இந்த ரகம்தான். உள்ளே இருக்கும் வினையை வெளியே இழுத்தால் போதும், செய்பவரும் கூடவே வந்துவிடுவார்.

இவற்றைப் பிடிக்க, ‘படு’, ‘பெறு’, ‘மேற்கொள்’ ஆகியவை வரும் இடங்களில் கோடு போட்டுக்கொண்டே போவேன். ‘தேவைப்படும்’, ‘புறப்படும்’ போன்றவை செயப்பாட்டு வினை அல்ல என்பதால் அவற்றை விட்டுவிடலாம். ‘தாமதம் ஏற்படலாம்’ என்பதும் இலக்கணப்படி செயப்பாட்டு வினை ஆகாது. ஆனால் அதை விடக்கூடாது. தாமதிப்பவர் அதற்குள் பத்திரமாக ஒளிந்திருக்கிறார்.

கோடு போட்டபின் ஒவ்வொரு இடத்திலும் ‘யார்?’ என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். உண்மையான வேலை இதுதான். மேசையில் உட்கார்ந்தபடி நாமே ‘நாங்கள்’ என்று போட்டு நிரப்பினால் அது பொய்யாகப் போகவும் கூடும். வல்லுநர் என்பவர் யார் என்று கேட்டேன். மெக்கானிக்காம். எப்போது வருவார்? மாதம் ஒருமுறை. வந்து என்ன பார்ப்பார்? அதன்பின் முதல் வரி இப்படி ஆனது: “எங்கள் மெக்கானிக் மாதம் ஒருமுறை வந்து பிரேக், கயிறு, கதவு சென்சார் மூன்றையும் சோதிப்பார். சோதித்ததை உங்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார்.” இனி அவர் வந்தாரா இல்லையா என்பதைக் குடியிருப்போர் சங்கச் செயலாளரே பார்த்துக்கொள்ளலாம்.

‘கூடுதல் கட்டணம் வசூலிக்கப்படலாம்’ என்ற வரியில்தான் இழுபறி. “செய்வோம்னு போட்டா அது வாக்குறுதி ஆயிடுமே சார்” என்றார் மேலாளர். அவர் சொன்னது சரிதான். ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டுகிறவர் வாக்குறுதியைத் தேடித்தானே கையேட்டைப் புரட்டுகிறார்? பேசிப் பேசிக் கடைசியில் இந்த வரிக்கு வந்தோம்: “உதிரிபாகம் மாற்ற வேண்டியிருந்தால் விலையை முதலில் சொல்வோம். நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே மாற்றுவோம்.”

முதலீட்டாளருக்குத் தரும் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் அட்டை, சுருக்கம், அபாயங்கள் ஆகிய பகுதிகளைச் செய்வினையில் எழுத வேண்டும் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1998-ல் விதியே கொண்டுவந்தது. அதற்கு ஆணையம் வெளியிட்ட கையேட்டின் முன்னுரையில், தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் ஆண்டறிக்கை எழுதுவதாக வாரன் பஃபெட் சொல்லியிருக்கிறார். எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் ‘மேற்கொள்ளப்படுகிறது’ வாயில் வராது.

எல்லாச் செயப்பாட்டு வினையையும் நான் வெட்டவில்லை. “இந்த லிஃப்ட் 8 பேர், 544 கிலோ எடைக்கு வடிவமைக்கப்பட்டது” என்பதை அப்படியே வைத்தேன். வடிவமைத்தவர் யார் என்பது ஏறுகிறவருக்குத் தேவையில்லை, எடைதான் தேவை.

‘அவசரகால மீட்பு உறுதிசெய்யப்படுகிறது’ என்ற வரிக்கு மட்டும் கடைசிவரை ஆள் கிடைக்கவில்லை. பகலில் இரண்டு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இரவுக்கு ஒருவரும் இல்லை. கையேடு அச்சுக்குப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, இரவுப் பணிக்கு ஆள் போடுவதா, அல்லது உள்ளதை உள்ளபடி அச்சிடுவதா என்று நிறுவனத்தில் பேசினார்கள். அச்சேறிய வரி இதுதான்: “இரவு 10 மணிக்கு மேல் எங்கள் ஆள் வரமாட்டார். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் தீயணைப்பு நிலையத்தை 101-ல் கூப்பிடுங்கள். கதவை நீங்களே நெம்பித் திறக்காதீர்கள்.”