சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு தொங்குவிளக்கு

சீலிங்கிலிருந்து ஒரு வயரிலோ கம்பியிலோ சங்கிலியிலோ இறங்கி, குறிப்பிட்ட ஓர் இடத்தின் மேல் வெளிச்சத்தைக் கொட்டுவது தொங்குவிளக்கு. அறை முழுவதற்கும் ஒளி தருவது டியூப்லைட்டின் வேலை. தொங்குவிளக்குக்குப் பொறுப்பான பரப்பு அதற்கு நேர் கீழே உள்ள மேசை மட்டுமே. அதனால் அதை வாங்கும்போது ஷேடின் அழகைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அது எந்த உயரத்தில் வந்து நிற்கும் என்பதுதான். பல்பு வகை, வயரின் நீளம், மாட்டும் முறை ஆகிய மூன்றும் அந்த உயரத்தை ஒட்டியே முடிவாகின்றன.

விளக்கின் பாகங்கள் அதிகமில்லை. சீலிங்கோடு ஒட்டி நின்று வயர் இணைப்பை மறைக்கும் கிண்ணம் ஒன்று. அதற்குள் சீலிங்கில் திருகப்படும் இரும்புப் பட்டி. கிண்ணத்தின் நடு ஓட்டை வழியே கீழே இறங்கும் வயர். வயரின் முனையில் பல்பு ஹோல்டர். ஹோல்டரைச் சுற்றி ஷேடு. ஷேடு கழன்று விழாமல் ஹோல்டரின் மரையில் இறுக்கும் வளையம். பெட்டியில் 'மொத்தத் தொங்கல்' என்று போட்டிருந்தால், அது சீலிங்கிலிருந்து ஷேடின் அடி விளிம்பு வரை உள்ள அளவு. 'வயர் நீளம்' என்றால் வயர் மட்டுமே. இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கினால் ஓர் அடி வரை கணக்குத் தவறிவிடும்.

உயரக் கணக்கு

சீலிங்கிலிருந்து எவ்வளவு இறக்கலாம் என்று தொடங்காமல், மேசையிலிருந்து மேல் நோக்கி அளப்பதே சரியான வழி. சாப்பாட்டு மேசையின் பரப்பு பொதுவாகத் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேசைக்கும் ஷேடின் அடி விளிம்புக்கும் இடையே 70 முதல் 85 செ.மீ. வரை விடுவது வழக்கம். 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அடி விளிம்பு தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் நிற்கும். உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்தில் இருப்பதால், எதிரே இருப்பவரின் முகத்தை விளக்கு மறைக்காது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பரவலாக உள்ள ஒன்பதரை அடி சீலிங்கை எடுத்துக்கொள்ளலாம். அது சுமார் 290 செ.மீ. அதில் 150-ஐக் கழித்தால் 140 செ.மீ. மிஞ்சும். அதுவே மொத்தத் தொங்கல். கிண்ணத்தின் ஆழம் 5 செ.மீ., ஷேடின் உயரம் 25 செ.மீ. என்றால், இரண்டையும் கழித்தபின் கண்ணில் படும் வயர் 110 செ.மீ. கிண்ணத்துக்குள் இணைப்பதற்கு இன்னும் 15 செ.மீ. சேர்த்தால், குறைந்தது 125 செ.மீ. வயர் உள்ள விளக்கை வாங்க வேண்டும்.

சீலிங்கின் உயரம் மாறினாலும் மேசைக்கு மேலே உள்ள 150 செ.மீ. மாறுவதில்லை. வயரின் நீளம் மட்டுமே மாறும். ஃபால்ஸ் சீலிங் போட்டு எட்டரை அடியாகக் குறைந்த அறையில் கண்ணில் படும் வயர் 80 செ.மீ. போதும். பதினோரு அடி உயரமுள்ள பழைய வீட்டில் அதுவே 155 செ.மீ. ஆகிவிடும். அங்கே குட்டையான வயரோடு வேறொரு துண்டை முடிந்து டேப் சுற்றுவது தவறு. எடையைத் தாங்கித் தொங்கும் வயரில் நடுவே முடிச்சு இருக்கக் கூடாது. முழு வயரையே நீளமானதாக மாற்ற வேண்டும்.

இந்தக் கணக்கு மேசை உள்ள இடத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆட்கள் நடந்து போகும் இடத்தில் அடி விளிம்பு தரையிலிருந்து ஏழு அடிக்குக் குறையக் கூடாது. அங்கே ஒன்பதரை அடி சீலிங்கிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் விளக்கை இறக்க இடமில்லை.

நம் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேசைக்கு அருகிலேயே சீலிங் ஃபேன் இருக்கும். வழக்கமான ஃபேனின் வீச்சு 120 செ.மீ. அகலம், அதாவது நடுவிலிருந்து 60 செ.மீ. இறக்கையின் முனைக்கும் விளக்குக்கும் இடையே குறைந்தது இரண்டடி இருந்தால்தான் காற்றில் விளக்கு ஊசலாடாது. அப்படியும் ஆடினால், வயருக்குப் பதில் விறைப்பான குழாயில் தொங்கும் விளக்கை வாங்குவதே தீர்வு.

பல்பு

முதலில் பார்க்க வேண்டியது ஹோல்டரின் வகை. இந்திய வீடுகளில் பழக்கமானது இரண்டு ஊசி வைத்து அழுத்தித் திருப்பும் பி22. கடைகளில் வரும் தொங்குவிளக்குகளில் பெரும்பாலும் மரையாகத் திருகும் இ27 இருக்கும். 27 என்பது மரையின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. சிறிய ஷேடுகளில் 14 மி.மீ. மரையுள்ள இ14 வரும். ஒன்றின் பல்பு மற்றொன்றில் ஏறாது என்பதால், விளக்கு வாங்கும்போதே பல்பையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது வாட். ஹோல்டருக்கு அருகே 'அதிகபட்சம் 40 வாட்' என்பது போல ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். அது வெப்பத்துக்கான எல்லை. குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடும். மூங்கில், துணி, காகித ஷேடுகள் அந்த வெப்பத்தில் பழுப்பேறிக் கருகும். 9 வாட் எல்.இ.டி. பல்பு, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு, சுமார் 800 லூமென் வெளிச்சம் தரும். நான்கு பேர் உட்காரும் மேசைக்கு அது போதும். ஆனால் எல்.இ.டி.க்கும் வெப்பம் ஒரு பிரச்சினைதான். மேலும் கீழும் மூடிய கண்ணாடி உருண்டைக்குள் மாட்டினால், அதன் கழுத்தில் உள்ள மின்னணுச் சுற்று சூடாகி, சொன்ன ஆயுளுக்கு முன்பே பல்பு போய்விடும். ஷேடின் மேற்புறம் காற்று போக வழி இருக்க வேண்டும்.

நிறத்தைக் கெல்வினில் குறிப்பார்கள். 6500 கெல்வின் என்று எழுதியிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. சாப்பாட்டு மேசைக்கு ஏற்றது 2700 முதல் 3000 வரை உள்ள இளமஞ்சள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விரும்பினால், பல்பின் பெட்டியில் 'டிம்மபிள்' என்று இருக்க வேண்டும். எல்.இ.டி.க்கான டிம்மரும் வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரில் இணைத்தால் பல்பு துடிக்கும்.

பல்பின் நீளத்தை யாரும் அளப்பதில்லை. கண் கூசுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. மேலே பார்த்த ஷேடின் வாய் 30 செ.மீ. அகலம் என்று கொள்வோம். அதன் நடுவிலிருந்து 65 செ.மீ. தள்ளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கண்ணிலிருந்து கிளம்பும் பார்வை, ஷேடின் அருகிலுள்ள விளிம்பை உரசிக்கொண்டு உள்ளே போனால், நடுவில் விளிம்பிலிருந்து 9 செ.மீ. உயரம் வரை எட்டும். ஷேடின் உள்ளே ஹோல்டர் 6 செ.மீ., வழக்கமான எல்.இ.டி. பல்பு 11 செ.மீ. என இரண்டுமாக 17 செ.மீ. இறங்கும். ஷேடின் ஆழம் 25 என்பதால், பல்பின் நுனி விளிம்புக்கு 8 செ.மீ. மேலே நிற்கும். ஆக, நுனி மட்டும் ஒரு செ.மீ. அளவுக்குக் கண்ணில் படும். பால்நிறப் பல்பு என்றால் அது உறுத்தாது. இழை தெரியும் கண்ணாடிப் பல்பு என்றால் உறுத்தும். டென்மார்க்கின் பவுல் ஹெனிங்சன் 1958-ல் வடிவமைத்த பிஎச் 5 விளக்கில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல தகடுகள் அடுக்கப்பட்டிருப்பது, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் பல்பு நேராகத் தெரியக் கூடாது என்பதற்காகவே.

மாட்டும் முறை

மின் இணைப்பை எலெக்ட்ரீஷியன் செய்வதே பாதுகாப்பு. சரியாகச் செய்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வரிசை தெரிந்திருந்தால் போதும்.

முதலில் எம்.சி.பி.யை இறக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கும். அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். எம்.சி.பி.யை இறக்கியபின் டெஸ்டரால் எல்லா வயர்களையும் தொட்டுப் பார்ப்பது அதனால்தான்.

இரண்டாவது, பட்டியைப் பொருத்துவது. பட்டியைச் சீலிங்கில் வைத்து ஓட்டைகளைக் குறித்து, 6 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி ஏற்ற வேண்டும். கான்கிரீட்டுக்குள் வயர் செல்லும் குழாய், ஜங்ஷன் பெட்டியிலிருந்துதான் கிளம்புகிறது. அது போகும் திசையில் துளையிடக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை திருகாணியைப் பிடித்து நிற்காது. கண்ணாடி, பீங்கான் போன்ற கனமான ஷேடு என்றால், மேலே உள்ள கான்கிரீட்டில் கொக்கி அடித்து அதிலிருந்து கம்பி இறக்க வேண்டும்.

மூன்றாவது, வயரின் நீளத்தை முடிவு செய்வது. கணக்கு சரியாக இருந்தாலும் உடனே வெட்டிவிடக் கூடாது. வயரைக் கொக்கியில் தற்காலிகமாகக் கட்டித் தொங்கவிட்டு, நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தபின், இணைப்புக்கான 15 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். குறைவாக வெட்டியதை மறுபடி நீட்ட வழியில்லை.

நான்காவது, வயரைக் கிண்ணத்தின் வழியே நுழைத்து, உள்ளே உள்ள பிடிப்பானை இறுக்குவது. விளக்கின் எடை முழுவதையும் தாங்க வேண்டியது இந்தப் பிடிப்பான். இதை விட்டுவிட்டால் எடை செம்பு இழைகளில் விழும். சில மாதங்களில் இணைப்பு தளர்ந்து விளக்கு மினுங்கத் தொடங்கும்.

ஐந்தாவது, இணைப்பு. வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பழக்கம். பல விளக்குகளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இ27 ஹோல்டரில் ஃபேஸ் நடுப்புள்ளிக்குப் போக வேண்டும், நியூட்ரல் மரைக்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும். ஆனால் பல்பைத் திருகும்போது விரல் படக்கூடிய மரையில் மின்சாரம் இருக்கும். உலோக ஷேடு என்றால் எர்த் கட்டாயம்.

கடைசியாக, கிண்ணத்தைச் சீலிங்கோடு சேர்த்துப் பக்கத் திருகாணிகளை இறுக்கி, ஷேடை ஏற்றி வளையத்தால் பூட்டி, பல்பை மாட்டி, எம்.சி.பி.யை ஏற்ற வேண்டும். ஷேடு ஒரு பக்கம் சாய்ந்தால் வளையம் சரியாக அமரவில்லை என்று பொருள். அணைத்த பின்னும் எல்.இ.டி. மங்கலாக எரிந்தால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம், அல்லது சுவிட்சில் உள்ள சிறிய அடையாள விளக்கு வழியே மின்சாரம் கசியலாம். முதல் நாள் இரண்டு மணி நேரம் எரியவிட்டு அணைத்து, ஷேடின் மேற்பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத அளவு சுட்டால், அந்த ஷேடுக்கு அந்தப் பல்பு அதிகம்.